வகிட்டைச் சீவிய கத்தி

பழைய வீடுகளின் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் பெண் உருவப்படங்களை நெருங்கி நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விந்தை கண்ணில் பட்டிருக்கும். நாற்பது வயதுப் பெண்மணியின் முகம் சுருக்கமோ வடுவோ இன்றி மெழுகிவிட்டாற்போல் இருக்கும். கண்ணின் கீழே கருமை இராது. கன்னத்தில் அம்மைத் தழும்பு இராது. ஆனால் பார்வை நெற்றியைக் கடந்து மேலே சென்றால், நேர்வகிடு ஒற்றையடிப் பாதையாக இல்லாமல் வண்டித்தடமாக அகன்று கிடக்கும். அதன் இரு மருங்கிலும் முடி விலகி மண்டைத்தோல் வெளுப்பாகத் தெரியும். முகத்தை இத்தனை பாடுபட்டுத் திருத்தியவர் வகிட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?

கவனக்குறைவு என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். நெகட்டிவ் டச்சிங் என்ற தொழிலின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே அது கவனக்குறைவு அல்ல என்று விளங்கிற்று. நெகட்டிவ் என்ற பொருளின் இயல்பே ஒரு பெண்ணின் சுருக்கத்தை மறைக்க இசைந்தும், அவளுடைய வகிட்டை மறைக்க இசையாமலும் இருந்தது. அந்த இயல்பைப் பற்றியே இக்கட்டுரை.

நெகட்டிவ் இல்லாத காலத்திலிருந்து தொடங்கலாம். 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகேரோவகைப் படம், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாகப் பதிவது. ஒரு தகடு, ஒரு படம். அதற்குப் படி கிடையாது. அதில் பிடிக்காத ஒன்று பதிந்துவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை. 1852 ஜனவரி 17 அன்று வில்லியம் எட்வர்ட் கில்பர்ன் என்ற இலண்டன் படக்கலைஞர் விக்டோரியா அரசியையும் அவருடைய ஐந்து குழந்தைகளையும் படம் பிடித்தார். அரசியின் கண்கள் மூடியிருந்தபோது படம் பதிந்துவிட்டது. அவர் அந்தத் தகட்டில் தம் முகத்தை மட்டும் சுரண்டி அழித்துவிட்டார். குழந்தைகள் அப்படியே இருக்க, நடுவில் முகமற்ற ஒரு தாய் அமர்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் அரச குடும்பச் சேகரிப்பில் உள்ளது. உலகின் பெரும் பேரரசுக்குத் தலைவியாக இருந்தவருக்கே அன்று கிடைத்த திருத்தம் அவ்வளவுதான்.

திருத்தத்துக்கு இடம் கொடுத்தது ஃபாக்ஸ் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற காகித நெகட்டிவ். அதில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். நிழல் வெளிறி நிற்கும். அதன்மேல் இன்னொரு தாளை வைத்து ஒளி பாய்ச்சினால் எல்லாம் தலைகீழாகி உண்மையான படம் கிடைக்கும். அப்படியானால் நெகட்டிவில் மையைத் தடவிய இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும் அல்லவா? 1846-இல் கால்வர்ட் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டவர் மால்டாவில் கப்பூச்சின் துறவிகள் சிலரைப் படம் எடுத்தார். ஒரு துறவி மற்றவர்களிடமிருந்து விலகி, பின்னால் வானத்தை ஒட்டித் தனியே நின்றார். ஜோன்ஸ் நெகட்டிவில் அந்த ஒருவரின்மேல் மையைப் பூசினார். பிரிண்டில் அவர் வெண்ணிற வானத்தில் கரைந்து போனார். ஆளையே மறைக்கும் அளவுக்கு இது எளிதாக இருந்தது. மாறாக, வானத்தில் ஓர் ஆளைப் புதிதாக நிறுத்தச் சொல்லியிருந்தால் மையால் அவர் ஒன்றும் செய்திருக்க முடியாது. பின்னால் வந்த நூற்றைம்பது ஆண்டுத் தொழிலின் வலிமையும் வறுமையும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கின்றன.

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். காகிதத்துக்குப் பதிலாகக் கண்ணாடி வந்தது. காகித நார்களின் மங்கல் நீங்கி, முகத்தின் ஒவ்வொரு துளையும் கூர்மையாகப் பதிந்தது. கூடவே இன்னொரு தொல்லையும் வந்தது. அன்றைய தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்பவை. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. ஆகவே கண்ணுக்கு அரிதாகவே தெரியும் செம்புள்ளிகளும் பருக்களும் படத்தில் கரும்புள்ளிகளாக எழுந்தன. முகம் பார்த்து வெகுண்ட வாடிக்கையாளர்களுக்காகவே டச்சிங் தொழில் பிறந்தது எனலாம். 1855-இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல், திருத்திய நெகட்டிவையும் அதிலிருந்து எடுத்த பிரிண்டுகளையும் காட்டி வியப்பில் ஆழ்த்தினார் என்று புகைப்பட வரலாறுகள் குறிப்பிடும்.

அத்தொழிலின் கருவிகள் மிகச் சில. சாய்வான ஒரு மேசை. அதன் நடுவே ஒரு திறப்பு. திறப்பில் தேய்த்த கண்ணாடி. கீழே ஒரு முகக்கண்ணாடியோ வெள்ளைத் தாளோ கிடந்து சன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும். நெகட்டிவை அந்தத் திறப்பில் வைத்து, பிசினை டர்பன்டைனில் கரைத்த ஒரு நீர்மத்தைத் துணியில் தொட்டு அதன்மேல் மெல்லத் தேய்ப்பார்கள். அப்போதுதான் வழவழப்பான பரப்பு பென்சிலைப் பற்றிக்கொள்ளும். பென்சிலோ நாம் எழுதும் பென்சில் போன்றதல்ல. ஓர் அங்குல நீளத்துக்குக் கரி வெளியே நீண்டு, உப்புத்தாளில் தீட்டப்பட்டு, ஊசிமுனையாக இருக்கும். அந்த முனையால் சுருக்கத்தின்மேல் காற்புள்ளி போன்ற சிறு கீற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். சுருக்கம் என்பது பிரிண்டில் ஒரு கருங்கோடு. நெகட்டிவில் அது வெளிறிய கோடு. அதைச் சுற்றியுள்ள அடர்த்தி வரும்வரை கரியால் நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். வடு, கருவளையம், கன்னக்குழிவு எல்லாம் இவ்வாறே. முகத்தில் நாம் குறையென்று கருதுபவை பெரும்பாலும் நிழல்களே. நிழலை வெளிச்சமாக்கப் பென்சில் போதும்.

வகிட்டின் கதை வேறு. பிரிண்டில் அது வெள்ளை. அதனால் நெகட்டிவில் அது அடர்ந்த கறுப்பு. அதன் இருபுறமும் உள்ள கருங்கூந்தல் நெகட்டிவில் ஏறக்குறைய வெற்றுக் கண்ணாடி. வகிட்டைக் குறுக்க வேண்டுமானால், அதாவது பிரிண்டில் வெளுப்பின்மேல் கறுப்பு முடியைக் கொண்டுவர வேண்டுமானால், நெகட்டிவில் இருக்கும் கறுப்பை எடுக்க வேண்டும். பென்சிலால் சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. தன் முன்னே இருக்கும் தகட்டில் அந்தப் பெண்ணின் எல்லாக் குறைகளையும் தீர்க்க வல்ல ஒருவர், வகிட்டின் முன் வெறுங்கையோடு நின்றார்.

வகிடு ஏன் அவ்வளவு வெளுப்பாகப் பதிந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மின்விளக்கு வருமுன் படக்கூடங்களின் கூரையில் ஒரு பகுதி கண்ணாடியாக இருந்தது. வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழும். முகத்துக்கு அது அழகு; ஆனால் உச்சந்தலையில்தான் அது முதலில் படுகிறது. மயிர்மூடிக் கிடந்த தோலில் வெயில் படாததால் அது முகத்தைவிட வெளிர் நிறம். நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. படம் எடுக்கப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாருவதே முறை. எண்ணெய் பட்ட முடி இழை இழையாகப் பரவி நிற்காமல் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். கற்றைகளுக்கிடையே தோல் தெரியும். பளபளக்கும் எண்ணெயும் கரிய கூந்தலும் வெளுத்த வகிடும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். பின்னாளில், தலைக்குப் பின்னாலிருந்து முடியை மின்னவைக்கும் விளக்கு வழக்கத்துக்கு வந்தபோது, அடர்த்தி குறைந்த முடியை அது ஊடுருவி, இருப்பதைவிட மெலிவாகக் காட்டிற்று. இதையறிந்த படக்கலைஞர் அந்த விளக்கை அணைத்துவிடுவார். கேமராவைச் சற்றுத் தாழ்த்தி, அமர்ந்திருப்பவரை மோவாயைச் சிறிது உயர்த்தச் சொல்வார். உச்சந்தலை கேமராவின் பார்வையிலிருந்து விலகிப் பின்னுக்குச் செல்ல, வகிட்டின் நீளம் பாதியாகக் குறையும். வகிட்டுக்குச் செய்யக்கூடிய சிறந்த திருத்தம் படம் எடுப்பதற்கு முன்பே செய்யும் இதுதான். எடுத்து முடித்த பிறகே சங்கடம்.

பென்சிலுக்குத் தலைமுடியில் வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நரைத்த தலையை எண்ணிப்பாருங்கள். அங்கே முடி வெள்ளை. மண்டைத்தோல் அதைவிடச் சற்றே மங்கல். வகிட்டின் குறுக்கே வெள்ளை இழைகளை வரைவது பென்சிலுக்குக் கைவந்த வேலை. ஆகவே எழுபது வயது மூதாட்டியின் வகிட்டை எளிதாக மூட முடிந்தது. நாற்பது வயதுக் கருங்கூந்தல் பெண்ணின் வகிட்டை மூட முடியவில்லை. வாழ்க்கையில் இருக்கும் வரிசையை நெகட்டிவ் தலைகீழாக்கிற்று. பொன்னிற முடியுள்ள ஐரோப்பியப் பெண்களின் படங்களைப் பார்த்து எழுதிய கையேடுகள் நம் படக்கூடங்களுக்கு இந்த ஓர் இடத்தில் கைகொடுத்திருக்க முடியாது.

இனி, எடுக்கும் வழிகள். இரசாயனத்தால் எடுக்கலாம். ஹோவர்ட் ஃபார்மர் 1883-இல் வெளியிட்ட கலவை, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் சேர்ந்தது, நெகட்டிவின் வெள்ளிக் கறுப்பைக் கரைக்கும். ஒரு வானத்தையோ வெள்ளைப் புடவையின் பெரும்பரப்பையோ மட்டுப்படுத்த அது உகந்தது. இரண்டு மில்லிமீட்டர் அகலக் கோட்டின் ஓரத்தை மட்டும் கரைக்க அது உதவாது. நனைந்த ஜெலட்டினில் நீர்மம் பரவிவிடும். கட்டுப்பாடு தவறினால் மீட்க வழியில்லை.

எஞ்சியது கத்தி. தமிழில் தலையைச் சீவுவதற்கும் பென்சிலைச் சீவுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நெகட்டிவில் வகிட்டைத் திருத்தியவர் இரண்டையும் ஒருங்கே செய்தார். அறுவைக் கத்தி போன்ற சிறிய அலகைச் சாணைக்கல்லில் தீட்டி, நன்கு காய்ந்த நெகட்டிவின் பசைப்பரப்பை அதன் விளிம்பால் வருடுவார். வெட்டக் கூடாது, கீறவும் கூடாது. ஒவ்வொரு வருடலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தூளாகப் பெயரும். கறுப்பு ஒரு மாற்றுக் குறையும். ஈரம் சிறிதளவு இருந்தாலும் ஜெலட்டின் கிழிந்து திரளும். ஆழம் அதிகமானால் அடியிலுள்ள வெற்றுக் கண்ணாடி வந்துவிடும். பிரிண்டில் அவ்விடம் கூந்தலைவிடக் கறுத்த ஒரு பொத்தலாகத் தெரியும். அப்படி நேர்ந்தால் பென்சிலை எடுத்து அந்தப் பொத்தலில் சிறிது கரியைத் திரும்ப நிரப்ப வேண்டும். கத்தி எடுக்க, பென்சில் கொடுக்க, இரண்டுக்கும் நடுவே வேலை நகரும்.

கத்தி எங்கே செல்ல வேண்டும் என்பதுதான் நுட்பம். புதியவர் வகிட்டின் நடுவிலேயே சுரண்டத் தொடங்குவார். அங்கேதானே மிகவும் வெளுத்திருக்கிறது! விளைவு, வெள்ளைப் பட்டையின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. தேர்ந்தவர் நடுவைத் தொடமாட்டார். இரு ஓரங்களிலிருந்தும், முடி எந்தத் திசையில் வாரப்பட்டிருக்கிறதோ அந்தத் திசையிலேயே, சிறு கீற்றுகளாக உள்ளே வருவார். கீற்றுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்கலாகாது. ஒன்று வகிட்டின் கால்பங்கு வரை வந்து நிற்கும். அடுத்தது பாதி வரை வரும். மூன்றாவது சும்மா ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகும். ஓரக்கோடு உடைந்து ஒழுங்கற்றுப் போனதுமே, அகலம் பெரிதும் குறையாதிருந்தும், கண் அதை இயல்பான வகிடாக ஏற்றுக்கொள்ளும். அகலத்தைவிடக் கூர்மையான ஓரமே அகலத்தைப் பறைசாற்றுகிறது.

கத்தியைத் தொட அஞ்சியவர்கள் நெகட்டிவை விட்டுவிட்டுப் பிரிண்டுக்குச் சென்றார்கள். மெல்லிய தூரிகையில் நீர்த்த கறுப்பு மையைத் தொட்டு, அதை ஏறக்குறைய உலரவிட்டு, தாளின்மேல் வகிட்டு ஓரங்களில் முடி வரைந்தார்கள். முதலில் வெளிறிய சாம்பல். அது காய்ந்த பின் அதன்மேல் இன்னொன்று. இது கத்தியைவிடப் பாதுகாப்பானது. தவறினால் ஒரு தாள்தான் போகும். ஆனால் பன்னிரண்டு படிகள் கேட்டால் பன்னிரண்டு முறை வரைய வேண்டும். ஆகவே பெரிய பிரிண்ட் ஒன்றில் எல்லாத் திருத்தங்களையும் செய்து, அதையே மீண்டும் படம் எடுத்துப் புதிய நெகட்டிவ் உண்டாக்குவதும் வழக்கமாயிற்று. படத்துக்கு வண்ணம் தீட்டும் இந்திய வழக்கத்திலோ இந்தச் சிக்கலே எழவில்லை. ஒளிபுகா வண்ணத்தை அப்பி, கூந்தல் முழுவதையும் ஓவியர் புதிதாகவே எழுதிவிடுவார்.

பழைய படத்தில் இவற்றைக் கண்டுபிடிப்பது அரிதன்று. பிரிண்டைச் சன்னல் அருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். மை தொட்ட இடம் சுற்றுப்புறத்தின் பளபளப்பு இன்றி மந்தமாகத் தெரியும். கத்தி வேலையானால் பிரிண்டின் பரப்பில் மாறுதல் இராது. உருப்பெருக்கியில் பார்த்தால், இயற்கையான முடிக்கற்றை ஒரு முனையில் தடித்து மறுமுனையில் கரைவதும், கத்திக் கீற்று இரு முனையிலும் ஒரே தடிப்பாக முடிவதும் புலப்படும். இன்னும் ஒன்றில் நம்மவர்கள் ஏமாறக் கூடாது. வகிட்டின் தொடக்கத்தில் வைத்த குங்குமம், சிவப்பை உணராத தகட்டில் கன்னங்கறுப்பாகப் பதியும். நெற்றியை ஒட்டி வகிடு மூடியிருப்பதாகத் தோன்றுவது முடியாலும் இருக்கலாம், டச்சிங்காலும் இருக்கலாம், குங்குமத்தாலும் இருக்கலாம். 1873-இல் ஹெர்மன் வோகல் சாயங்கள் சேர்த்துத் தகட்டின் உணர்வைப் பச்சை வரை நீட்டினார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் சிவப்பை உணராத பொருள்கள் மலிவாகவும், சிவப்பு விளக்கின் கீழ் கையாள வசதியாகவும் இருந்ததால் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் புழங்கின.

இத்தனையையும் படித்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படம் என் கைக்கு வந்தது. நண்பர் ஒருவரின் தாயார் 1964-இல் எடுத்துக்கொண்டது. நினைவு நாளுக்காகப் பெரிதாக்க வேண்டும் என்றார். படத்தில் சிறிது பூஞ்சை படிந்திருந்தது. அதை நீக்கிவிட்டு, "அந்த வகிட்டையும் கொஞ்சம் சரிபண்ணிவிடுங்கள்" என்றும் சொல்லியிருந்தார். அரைத்தகட்டு அளவுப் பிரிண்ட். மோவாயிலிருந்து நெற்றிமுடி வரை 40 மில்லிமீட்டர். முன்தலையில் வகிட்டின் அகலம் 2 மில்லிமீட்டர். உண்மையான முகத்தில் அந்த உயரம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், வகிடு 9 மில்லிமீட்டர் அகலம் இருந்திருக்கிறது. அடர்ந்த கூந்தலில் 3 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம்.

1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தபோது வகிடு திரையில் 95 பிக்சல் அகலத்துக்கு விரிந்தது. அதே கணக்கில் ஒரு தனி முடி ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதாவது இந்தப் படத்தில் நாம் முடி என்று பார்ப்பது முடியை அல்ல, கற்றைகளை. தனி இழைகளாக மயிரிழை போல் வரைந்தால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். மூன்று நான்கு பிக்சல் தடிப்புள்ள கீற்றுகளே பொருந்தும்.

ஃபோட்டோஷாப்பில் 2002-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து Healing Brush என்றொரு கருவி உண்டு. முகத்து வடுக்களுக்கு அதைவிட எளிய மருந்து இல்லை. முதலில் அதைத்தான் எடுத்தேன். அருகிலிருந்த கூந்தலைத் தொட்டு வகிட்டின்மேல் வைத்தால், கருங்கூந்தலுக்குப் பதிலாகக் கீறல் விழுந்த தோல் வந்தது. காரணம் எளிது. அந்தக் கருவி ஓரிடத்தின் இழையமைப்பை மட்டும் எடுத்து, போய்ச் சேரும் இடத்தின் வெளிச்சத்தோடு கலக்கிறது. வகிடு வெளுப்பாக இருப்பதால் கூந்தலும் வெளுத்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டில் பென்சில் தோற்ற அதே இடத்தில், நூறாண்டுகள் கழித்து வந்த அதன் வாரிசும் தோற்றது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. இழையையும் வெளிச்சத்தையும் சேர்த்தே பெயர்த்து வைக்கும் Clone Stamp கருவிக்கு மாறினேன். ஒரே கற்றையை இருமுறை வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரியும் என்பதால், வேறு வேறு இடங்களிலிருந்து, அதே சாய்வுள்ள முடியை எடுத்து, தனி அடுக்கில் ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கட்டினேன். வண்ணப் படமாயிருந்தால் இன்னொரு கண்ணியும் உண்டு: மண்டைத்தோல் இளஞ்சிவப்பானது. அதை வெறுமனே இருளாக்கினால் கன்றிய காயம்போல் செந்நிறமாகும். நிறத்தையும் கூந்தலிலிருந்தே எடுத்தாக வேண்டும். இங்கே கறுப்பு வெள்ளை என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று மாலைகள் பிடித்தன. முடிவில் வகிடு அரை மில்லிமீட்டராகிவிட்டது. நெற்றிக்கு மேலே கூந்தல் திரண்டு நின்றது. நண்பருக்கு மகிழ்ச்சி. படத்தை ஊரிலிருந்த தம் மூத்த அக்காவிடம் காட்டினார். அந்த அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னதை நண்பர் அப்படியே என்னிடம் ஒப்பித்தார்: "யாரோ மாதிரி இருக்குடா தம்பி. நீ பிறந்ததுக்கு அப்புறம் அம்மாவுக்கு முன்னந்தலை விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுவிடறது நான்தானே, என் விரலுக்குத் தெரியாதா?"

நண்பர் ஐந்தாவது பிள்ளை. பேறுக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்பி முளைத்துவிடும் என்பார்கள் மருத்துவர்கள். திரும்பாமல், நெற்றிக்கோடு அப்படியே இருக்க வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலுமானால் அது வேறு. பெண்களின் முடியுதிர்வை எரிக் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1977-இல் மூன்று படிகளாக வகுத்தபோது அவர் பார்த்தது இந்த உச்சந்தலையைத்தான். இன்றும் தோல் மருத்துவர்கள் நேர்வகிடு எடுத்துப் படம் பிடித்தே அந்நோயின் போக்கை அளக்கிறார்கள். ஒரு பெண்ணின் உடல் கடந்து வந்ததை அத்தனை துல்லியமாகக் காட்டும் இடம் வகிடு. நான் மூன்று மாலைகள் செலவிட்டு அழித்தது அதைத்தான்.

மூலப் பிரிண்டை மறுபடி எடுத்தேன். இம்முறை சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நெற்றிக்கு மேல் ஒரு விரற்கடை தூரத்துக்கு, வகிட்டின் இரு ஓரங்களிலும் பளபளப்பற்ற சிறு கீற்றுகள் தெரிந்தன. எண்ணினேன், இடப்புறம் ஒன்பது, வலப்புறம் ஏழு. 1964-இல் யாரோ ஒருவர் தூரிகையால் இட்டவை. ஒன்றுகூட நடுக்கோட்டைத் தாண்டவில்லை. குங்குமம் முடியும் இடத்திலிருந்து தொடங்கி, மேலே போகப்போகச் சிறுத்து, உச்சிக்கு முன் நின்றுவிட்டன. அந்தக் கீற்றுகள் இல்லாதிருந்தால் வகிடு 2 மில்லிமீட்டருக்கும் மேலாக இருந்திருக்கும். அவர் வகிட்டை மூடப் பார்க்கவில்லை. கூர்மையான ஓரத்தை உடைத்துவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார். கருவியின் வறுமையால் நிறுத்தினாரா, மனம் அறிந்து நிறுத்தினாரா என்பதை அந்தப் பதினாறு கீற்றுகளிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆனால் அவர் முன் அமர்ந்திருந்த பெண்மணியை அவர் நேரில் பார்த்திருந்தார், நான் பார்த்ததில்லை.

என் அடுக்கை முழுதும் நீக்கினேன். பூஞ்சை படிந்த இடங்களை மட்டும் துடைத்தேன். பெரிதாக்கும்போது வகிட்டின் வெண்மை கண்ணைப் பறிக்கும் என்பதால், தோலின் வெளிச்சத்தை முகத்தின் வெளிச்ச அளவுக்குச் சற்று அடக்கினேன். பழைய கீற்றுகள் முடிந்த இடத்துக்கு மேலே, அவர் இட்ட அதே அளவில், நானும் சில கற்றைகளை ஓரத்தில் வைத்தேன். அகலத்தை அளந்தபோது சற்றேறக்குறைய முன்பிருந்ததே இருந்தது. அக்கா அந்தப் படத்துக்குத்தான் பொட்டு வைத்து மாலை சாத்தினார் என்று நண்பர் பின்னர் எழுதியிருந்தார்.